ஒரு பட்டா மனுவும் அதன் ஆறு மூட்டுகளும்

திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு நிலம் சம்பந்தமான மனுக்கள் நிறைய வருகின்றன. அவற்றுள் பலவற்றில் ஆதாரத்துக்குக் குறைவிருக்காது. கிரயப் பத்திரம் இருக்கும், வில்லங்கச் சான்று இருக்கும், பட்டா நகல் இருக்கும். மனுவிலும் எல்லாமே எழுதப்பட்டிருக்கும். ஆனால் பத்திரத்தைப் பற்றி ஒரு பத்தி, பட்டாவைப் பற்றி ஒரு பத்தி, பக்கத்து நிலத்துக்காரரைப் பற்றி ஒரு பத்தி என்று ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். இவற்றைச் சேர்த்து மனுதாரர் என்ன நிரூபிக்க வருகிறார் என்று கண்டுபிடிப்பது படிப்பவர் வேலையாகிவிடுகிறது. அந்த வேலையைச் செய்ய அவருக்கு அன்று நேரமிருக்குமா என்பது மனுதாரர் கையில் இல்லை. சேர்த்துக் கொடுப்பது அவர் கையில் இருக்கிறது.

எப்படிச் சேர்ப்பது என்பதைப் பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு மனுவை எடுத்து, பத்திக்குப் பத்தி பார்ப்போம். தமிழ்நாட்டின் கிராமங்களில் இன்றும் ஓயாமல் எழுதப்படுகிற ஒரு வகை மனு: யூடிஆர் பிழைத் திருத்தம். 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் பழைய பதிவேடுகளெல்லாம் புதிதாக எழுதப்பட்டன. ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேராகவும் ஏராகவும் மாறின. அப்போது பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, உட்பிரிவு தவறியது என்று நேர்ந்த பிழைகளைத்தான் மக்கள் 'யூடிஆர் தப்பு' என்கிறார்கள். அப்பா காலத்துப் பிழையைப் பிள்ளைகள் பத்திரப் பதிவுக்கோ வங்கிக் கடனுக்கோ போகும்போது கண்டுபிடிக்கிறார்கள்.

நம் எடுத்துக்காட்டில் வரும் நிலமும் எண்களும் கற்பனை, சிக்கல் கற்பனையல்ல. மனுதாரரின் தந்தை 1978இல் சர்வே எண் 84/2இல் 1 ஏக்கர் 20 சென்ட் கிரயம் பெற்றார். தெற்கே ஒட்டியிருக்கும் 84/3 வேறொருவருடையது, 80 சென்ட். யூடிஆர் பதிவேட்டில் 84/2க்கு 0.24.5 ஹெக்டேர்தான் இருக்கிறது, அதாவது ஏறக்குறைய 60 சென்ட். மீதி 60 சென்ட் 84/3இல் சேர்ந்து அது 0.56.5 ஹெக்டேர் ஆகிவிட்டது. தந்தை 2009இல் காலமானார். 2023இல் வாரிசுகள் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தபோதுதான் விஷயம் தெரியவந்தது.

மனுதாரர் முதலில் எழுதிக்கொண்டுவருவது இப்படித்தான் இருக்கும்:

"எங்கள் தந்தையார் 2009இல் காலமாகிவிட்டார். நாங்கள் அவரது சட்டப்படியான வாரிசுகள்.

மேலும், தெற்குப் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டித் தகராறு செய்து வருகிறார். இது குறித்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துள்ளோம்.

மேலும், மேற்படி நிலத்தை எங்கள் தந்தையார் 1978இல் கிரயம் பெற்றார். வில்லங்கச் சான்றில் வில்லங்கம் ஏதும் இல்லை.

மேலும், யூடிஆர் பட்டாவில் 60 சென்ட் மட்டுமே உள்ளது.

எனவே மேற்படி நபர் மீது நடவடிக்கை எடுத்து மேற்படி நிலத்தை மீட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் ஒரு வாக்கியம்கூடப் பொய்யில்லை. ஆனால் இரண்டாம் பத்தியையும் நான்காம் பத்தியையும் இடம் மாற்றி வைத்துப் படித்துப் பாருங்கள். எதுவும் கெடாது. பத்திகளை இடம் மாற்றினாலும் கடிதம் அப்படியே இருக்கிறதென்றால் அவற்றுக்குள் தொடர்பு இல்லை என்று பொருள். நான் எந்தக் கடிதத்தையும் முதலில் இந்தச் சோதனைக்குத்தான் உட்படுத்துவேன். வாதமாக எழுதப்பட்ட கடிதத்தில் ஒரு பத்தியை நகர்த்தினால் அடுத்த பத்தி உடனே தடுமாற வேண்டும்.

'மேலும்' என்ற சொல் இங்கே மூன்று முறை வருகிறது. மனு எழுதுகிறவர்களுக்கு அது பழகிய சொல். பத்தி தொடங்கும்போது கை தானாக எழுதிவிடும். 'இன்னொன்றும் இருக்கிறது' என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அந்த இன்னொன்று முன்னதற்குக் காரணமா, விளைவா, மறுப்பா, விதிவிலக்கா? 'மேலும்' வாய் திறக்காது. அதை அடித்துவிட்டு அந்த இடத்தில் 'ஏனென்றால்', 'ஆனால்', 'அப்படியிருந்தும்', 'ஆகவே' என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். ஏதோ ஒன்று பொருந்தினால் உண்மையான உறவு அதுதான். எதுவுமே பொருந்தவில்லை என்றால் குறை சொல்லில் இல்லை, பத்திகள் நிற்கும் வரிசையில் இருக்கிறது. மேலே உள்ள மனுவில் எதுவும் பொருந்தாது. வாரிசுச் செய்திக்கும் வரப்புத் தகராறுக்கும் நடுவே எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒட்டாது.

இதற்கு நேர்மாறான ஆபத்து கடைசிப் பத்தியின் 'எனவே'. அது ஒரு முடிவை அறிவிக்கிறது. ஆனால் பட்டாவில் 60 சென்ட் இருக்கிறது என்பதிலிருந்து 'நபர் மீது நடவடிக்கை' என்ற முடிவு பிறக்காது. நடுவே பல படிகள் விடுபட்டுள்ளன. இணைப்புச் சொல் இல்லாத உறவை உண்டாக்கித் தராது, இருக்கிற உறவைக் காட்டிக்கொடுக்கத்தான் செய்யும். அனுபவமுள்ள வருவாய்த் துறை அலுவலருக்கு அந்த 'எனவே' கண்ணில் பட்டதும், மனுதாரரிடம் வாதம் இல்லை, வருத்தம்தான் இருக்கிறது என்று தோன்றிவிடும்.

ஆகவே சொற்களைத் தேடுவதற்கு முன் வாதம் என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். இந்த மனுவுக்கு அது மிகவும் முக்கியம். வருவாய்த் துறை அதிகாரிகள் பதிவேட்டில் நேர்ந்த பிழையைத் திருத்தலாம். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கைத் தீர்ப்பது அவர்கள் வேலையல்ல. இரு தரப்பும் உரிமை கோருகிற விவகாரம் என்று தோன்றினால் 'உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளவும்' என்ற உத்தரவோடு கோப்பு முடிந்துவிடும். மேற்கண்ட மனு வரப்புத் தகராறையும் காவல் புகாரையும் முன்னால் நிறுத்தி, அந்த உத்தரவைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. நம் மனுதாரர் சொல்ல வேண்டிய வாக்கியம் வேறு: 'எங்கள் நிலம் கைமாறவில்லை. பதிவேட்டை மாற்றி எழுதும்போது 60 சென்ட் பக்கத்து வரியில் சேர்ந்துவிட்டது. அதைத் திருத்த வேண்டும்.' ஒவ்வொரு பத்தியும் இந்த வாக்கியத்தின் ஒரு பகுதியைத் தூக்கிச் செல்ல வேண்டும். தூக்காத பத்தி எவ்வளவு உண்மையானாலும் இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை.

இனி மூட்டுகளுக்கு வருவோம். இரண்டு பத்திகள் சேரும் இடத்தில் நடப்பது ஒரு கேள்வியும் பதிலும்தான். ஒரு பத்தியைப் படித்து முடித்ததும் அதிகாரி மனதில் இயல்பாக ஒரு கேள்வி எழும். அடுத்த பத்தியின் முதல் வாக்கியம் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். பதில் சொல்லும்போது முந்தைய பத்தி எங்கே முடிந்ததோ அதைக் கையில் பிடித்துக்கொண்டே தொடங்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால் 'மேலும்' போன்ற சொற்கள் பெரும்பாலும் தேவைப்படாது.

முதல் பத்தி, கோரிக்கை. சர்வே எண் 84/2இன் பரப்பு யூடிஆர் பதிவேட்டில் 0.48.5 ஹெக்டேருக்குப் பதில் 0.24.5 எனத் தவறாகப் பதியப்பட்டிருக்கிறது, திருத்தித் தர வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிடலாம். பணிவும் முன்னுரையும் பேசி, கேட்பதைக் கடைசிக்கு ஒத்திவைப்பது நம்மிடையே வழக்கம். அப்படி ஒத்திவைத்தால் நடுவில் வரும் பத்திகள் எதை நோக்கிப் போகின்றன என்பது படிப்பவருக்குத் தெரியாது. முடிவு முன்பே தெரிந்திருந்தால்தான் ஒவ்வொரு பத்தியும் ஒரு படியாகத் தெரியும்.

இதைப் படித்ததும் அதிகாரி கேட்பது: 0.48.5 என்பதற்கு என்ன ஆதாரம்? இரண்டாம் பத்தி அதைப் பிடித்துக்கொள்கிறது:

"0.48.5 ஹெக்டேர், அதாவது 1 ஏக்கர் 20 சென்ட் என்பது எங்கள் தந்தையார் 1978இல் பதிவு செய்த கிரயப் பத்திரத்தில் கண்ட பரப்பு (ஆவணம் 1). விற்றவர் பெயரில் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டிலும் இதே பரப்பே உள்ளது (ஆவணம் 2)."

ஏக்கரும் ஹெக்டேரும் ஒரே வாக்கியத்தில் வருவதைக் கவனியுங்கள். பத்திரம் சென்ட்டில் பேசும், பட்டா ஏரில் பேசும். ஒரு பத்தியில் 1.20 என்றும் அடுத்ததில் 0.24.5 என்றும் எழுதினால் படிப்பவர் இரண்டையும் ஒப்பிடக் கணக்குப் போட்டாக வேண்டும். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 0.405 ஏர். அந்தக் கணக்கை மனுதாரரே போட்டு, முதல் மூட்டிலேயே வைத்துவிட்டால் பிறகு எங்கும் தடங்கல் இராது. அளவு மாறும் இடம், பெயர் மாறும் இடம், பழைய எண் புது எண்ணாகும் இடம் ஆகியவற்றில்தான் நில மனுக்களின் தொடர்ச்சி அறுந்துபோகிறது.

அடுத்த கேள்வி: அப்படியானால் இப்போது பதிவேடு என்ன சொல்கிறது? மூன்றாம் பத்தி, "பத்திரத்திலும் செட்டில்மென்ட் பதிவேட்டிலும் இருந்த இந்தப் பரப்பு, யூடிஆர் பதிவேட்டில் பாதியாகக் குறைந்துள்ளது" என்று தொடங்கும். 'இந்தப் பரப்பு' என்ற இரண்டு சொற்கள் மேலே உள்ள பத்தியைக் கீழே இழுத்து வருகின்றன. 84/2 இப்போது 0.24.5 என்றும், ஒட்டியுள்ள 84/3 பழைய 80 சென்ட்டிலிருந்து 0.56.5 ஆகியிருக்கிறது என்றும் சொல்லி, அ பதிவேட்டு நகலை ஆவணம் 3 என்று காட்டி, பத்தி முடியும்.

நான்காம் பத்திதான் இந்த மனுவின் உயிர்நிலை. மூன்றாம் பத்தியைப் படித்த எந்த அதிகாரிக்கும் உடனே வரும் சந்தேகம், 'உங்கள் அப்பா 60 சென்டைப் பக்கத்துக்காரருக்கு விற்றிருக்கலாமே?' என்பது. முதல் வடிவில் வில்லங்கச் சான்று கிரயத்தைப் பற்றிய பத்தியின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே அது எந்தக் கேள்விக்கும் பதிலாக இல்லை, ஒரு தாளாக மட்டும் இருந்தது. அதே சான்றை இந்த இடத்துக்குக் கொண்டுவந்ததும் அது ஆதாரமாகிவிடுகிறது:

"இந்தக் குறைவு விற்பனையால் வந்ததல்ல. 1978 முதல் இன்றுவரை 84/2, 84/3 ஆகிய இரு எண்களுக்கும் பெற்ற வில்லங்கச் சான்றுகளில், எங்கள் தந்தையார் 60 சென்ட்டையோ அதில் ஒரு பகுதியையோ எவருக்கும் எழுதிக்கொடுத்ததாகப் பதிவு இல்லை (ஆவணம் 4, 5)."

முதல் வாக்கியம் அதிகாரியின் சந்தேகத்தை அவர் கேட்பதற்கு முன்பே எடுத்துப் பேசுகிறது. இரண்டாவது, ஆதாரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே சொல்கிறது. வில்லங்கச் சான்று பதிவு செய்யப்பட்ட பரிமாற்றங்களைத்தான் காட்டும். 'விற்கவே இல்லை என்பதைச் சான்று நிரூபிக்கிறது' என்று எழுதினால் ஆவணம் சொல்லாததைச் சொன்னதாகும். சான்றிலிருந்து 'விற்பனை இல்லை' என்ற முடிவுக்குப் போக நடுவில் ஒரு படி வேண்டும். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும் என்பது சட்டம். அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் பதிவு இல்லாததால் கிரயம் இல்லை என்ற தொடர்பு முழுமையாகிவிடும். இப்படி விடுபட்ட ஒரு வாக்கியத்தால்தான் பல கடிதங்களில் பத்திகள் ஒட்டாமல் போகின்றன. எழுதுபவருக்கு அது அத்தனை தெரிந்த செய்தி, எழுதவேண்டும் என்றே தோன்றுவதில்லை.

விற்கவில்லை என்றால் பரப்பு எப்படிக் குறைந்தது? இது ஐந்தாம் பத்திக்கான கேள்வி. இங்கே ஒரு கூட்டல் கணக்கு உதவிக்கு வருகிறது. பழைய பதிவின்படி 84/2 0.48.5, 84/3 0.32.5, இரண்டும் சேர்ந்து 0.81.0 ஹெக்டேர். யூடிஆர்படி 0.24.5, 0.56.5. கூட்டினால் அதே 0.81.0. மொத்தம் ஒரு ஏர்கூட மாறவில்லை.

"கிரயம் எதுவும் நடக்காமலே ஓர் எண்ணில் 0.24.0 குறைந்து, ஒட்டிய எண்ணில் அதே 0.24.0 கூடியிருக்கிறது. இரு எண்களின் மொத்தப் பரப்பு முன்பும் பின்பும் 0.81.0தான். ஆகவே இது பதிவேட்டை மாற்றி எழுதும்போது நேர்ந்த பிழை."

தமிழில் இலக்கண நூல்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றன. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல், சூத்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்று எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு நான்கு நிலைகளைச் சொல்கிறது: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. ஆற்றொழுக்கில் ஒவ்வொன்றும் முன்னதிலிருந்து ஓடிவந்து பின்னதில் சேரும். அரிமா நோக்கத்தில் நடுவில் நிற்கும் ஒன்று, நடந்துபோகும் சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பதுபோல், இரு பக்கத்தையும் பார்க்கும். தவளைப் பாய்த்து, நடுவில் இருப்பதைத் தாண்டிப்போய் அப்பால் உள்ளதோடு சேர்வது. பருந்தின் வீழ்வு, தொலைவிலிருந்து வந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போவது. சூத்திரங்களுக்குச் சொன்னதென்றாலும், பத்திகளை இவ்வளவு துல்லியமாகப் பார்க்கக் கற்றுத்தரும் வேறொரு வகைப்பாட்டை நான் கண்டதில்லை.

நம் மனு பெரும்பாலும் ஆற்றொழுக்கில் போக வேண்டும். ஐந்தாம் பத்தி மட்டும் அரிமா நோக்கம். 'கிரயம் எதுவும் நடக்காமலே' என்று நான்காம் பத்தியைப் பார்க்கிறது. 'ஓர் எண்ணில் குறைந்து ஒட்டிய எண்ணில் கூடியிருக்கிறது' என்று மூன்றாம் பத்தியைப் பார்க்கிறது. 'ஆகவே பிழை' என்று வரப்போகும் கோரிக்கையைப் பார்க்கிறது. ஒரு கடிதத்தில் இப்படி எல்லா நூல்களும் ஒரு முடிச்சில் சேரும் பத்தி ஒன்று இருந்தால் போதும். எல்லாப் பத்தியும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தால் கூறியது கூறலாகிவிடும். அதையும் நன்னூல் குற்றப் பட்டியலில் வைத்திருக்கிறது. முதலில் பார்த்த மனுவின் காவல் புகார்ப் பத்தியோ தவளைப் பாய்ச்சல்கூட இல்லை. தவளைக்கு அக்கரையில் ஓர் இடமாவது இருக்கும். அந்தப் பத்தியோ எதிலும் போய்ச் சேரவில்லை.

ஐந்தாம் பத்தியோடு வாதம் முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் அதிகாரி மனதில் இன்னும் ஒரு கேள்வி பாக்கி. 1980களில் நடந்த பிழைக்கு 2023இல் ஏன் வருகிறீர்கள்? இதைச் சொல்லாமல் நேரே கோரிக்கைக்குப் போனால் மனு சந்தேகத்தோடு முடியும். ஆறாம் பத்தி அதைத் தன் முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்: "இந்தப் பிழை இத்தனை ஆண்டுகள் எங்களுக்குத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், நிலத்தின் அனுபவத்தில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை என்பதே." இதற்குப் பின் தந்தை கடைசிவரை முழு நிலத்திலும் பயிர் செய்தது, தென்பகுதிக் கிணற்றுக்கு அவர் பெயரில் உள்ள மின் இணைப்பு, 2009இல் அவர் மறைவு, 2023 பட்டா மாறுதல் விண்ணப்பம் ஆகியவை வரிசையாக வரலாம். வாரிசுச் செய்தி முதல் வடிவில் முதல் பத்தியாக இருந்தது. அங்கே அதற்கு வேலை இல்லை. இங்கே, பிழை எப்போது எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்ல அது தேவைப்படுகிறது. ஒரு பத்தி எங்கும் ஒட்டவில்லை என்றால் எப்போதும் அது வேண்டாத பத்தி என்று நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது தனக்குரிய கேள்வி எழும் இடத்துக்குப் போய்ச் சேராத பத்தி.

வரப்புத் தகராறு? அதற்கு இந்த வாதத்தில் கேள்வியே இல்லை. பக்கத்து நிலத்துக்காரரை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருடைய பட்டாவில் பரப்பு குறையப்போகிறது, அவருக்கு அறிவிப்பு அனுப்பி விசாரிக்காமல் உத்தரவு வராது, வரவும் கூடாது. அதைக் கடைசிப் பத்தியில் மனுதாரரே கேட்டுவிடுவது நல்லது. நீதிமன்றத்தில் வழக்கு ஏதேனும் நிலுவையில் இருந்தால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். வெட்டிய வரப்பைப் பற்றிய கோபம் மட்டும் வேறு கடிதத்துக்கு உரியது.

ஏழாம் பத்தி இப்படி வரும்: "பரப்பு குறைந்தது கிரயத்தால் அல்ல, பதிவுப் பிழையால் என்பதும், அனுபவம் தொடர்ந்து எங்களிடமே உள்ளது என்பதும் மேற்கண்ட ஆவணங்களால் தெரிவதால், 84/3இன் பட்டாதாரருக்கு அறிவிப்பு அனுப்பி விசாரித்து, இரு எண்களையும் அளந்து, 84/2க்கு 0.48.5 எனவும் 84/3க்கு 0.32.5 எனவும் பதிவைத் திருத்தி உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்." இந்த முடிவு முதல் வடிவின் 'எனவே'யைப்போல் வானத்திலிருந்து விழவில்லை. நான்கும் ஐந்தும் ஆறும் சொன்னவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறது.

'மேற்படி' பற்றி ஒரு வார்த்தை. அலுவலகத் தமிழில் அது தவிர்க்க முடியாத சொல்லாகிவிட்டது. இந்த மனுவில் நிலம் இரண்டு, பதிவேடு இரண்டு, ஆள் இரண்டு. 'மேற்படி நிலம்' என்று எழுதினால் எந்த நிலம்? எழுதுபவருக்குத் தன் நிலம்தான் நினைவில் இருக்கும், படிப்பவருக்கோ கடைசியாகப் படித்தது 84/3. அதனால் மூட்டு இருக்கும் இடத்தில் பொருளைப் பெயரிட்டே சொல்வது நல்லது: '84/2', '1978 பத்திரம்', 'இந்த 60 சென்ட்'. ஒரே பொருளுக்குக் கடிதம் முழுவதும் ஒரே பெயர் இருக்கட்டும். இரண்டாம் பத்தியில் 'கிரயப் பத்திரம்' என்றதை ஐந்தாம் பத்தியில் 'மூல ஆவணம்' என்று மாற்றினால், வேறேதோ ஒன்று வந்துவிட்டதோ என்று படிப்பவர் நின்றுவிடுவார்.

பத்திகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டால் தொடர்பு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எண் குறிப்பிட்டுப் பேச உதவும், அவ்வளவுதான். இன்னொரு பழக்கம், 'இன்னாராலும், இன்னதாலும், இவ்வாறிருப்பதாலும்' என்று ஒரு முழுப் பக்கத்தையும் ஒரே வாக்கியமாகக் கோப்பது. பழைய மனுக்களில் இதை நிறையப் பார்க்கலாம். அங்கே தொடர்ச்சி இருக்கிறது, ஆனால் எது எதற்குக் காரணம் என்பது தெரிவதில்லை. எல்லா 'ஆலும்'களும் ஒரே எடையோடு நிற்கின்றன.

இவ்வளவு மெனக்கெட வேண்டிய காரணம், மனு பயணம் செய்யும் விதத்தில் இருக்கிறது. அதை ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து படித்து உத்தரவு போடுவதில்லை. மாவட்ட வருவாய் அலுவலருக்கு எழுதிய மனு அறிக்கை கேட்டுக் கீழே போகும். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு குறிப்பு எழுதப்படும். கிராம நிர்வாக அலுவலர் அனுபவத்தைப் பற்றிச் சொல்வார், நில அளவர் பரப்பைப் பற்றிச் சொல்வார். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பத்தியைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். தனிப் பத்தியாக நிற்கும் வில்லங்கச் சான்று கீழே இருந்து வரும் அறிக்கையில் விடுபட்டுப் போகலாம். 'இந்தக் குறைவு விற்பனையால் வந்ததல்ல' என்று தொடங்கும் பத்தி அப்படி விடுபடாது. அதை எடுத்து எழுதுபவர், எந்தக் குறைவு என்று பார்க்க மேலே உள்ள பத்தியையும் படித்தாக வேண்டும்.

எழுதி முடித்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். நம் மனுவில் அது இப்படி வரும்: பரப்பு தவறாகப் பதியப்பட்டுள்ளது. சரியான பரப்பு 1978 பத்திரத்தில் கண்டது. அந்தப் பரப்பு யூடிஆரில் பாதியாகியுள்ளது. இந்தக் குறைவு விற்பனையால் அல்ல. கிரயம் நடக்காமலே ஓர் எண்ணில் குறைந்து மற்றதில் கூடியிருக்கிறது. இந்தப் பிழை இதுவரை தெரியாததற்குக் காரணம் அனுபவம் மாறாதது. ஆகவே திருத்த வேண்டும். நிலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே 'அது எப்படி?' என்று நிறுத்துகிறாரோ அங்கே ஒரு மூட்டு விட்டிருக்கிறது. அங்கே ஒரு வாக்கியத்தைச் சேருங்கள், அல்லது பத்தியை இடம் மாற்றுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் படித்துக் காட்டிப் பயனில்லை, அவர்களுக்குக் கதை முன்பே தெரியும்.

மனுவின் நகலில் பெறப்பட்ட தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு அழைப்பு வரும் நாளில் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் பேசுங்கள். பத்திரம், பதிவேடு, வில்லங்கச் சான்று, கூட்டல் கணக்கு, அனுபவம். ஆவணங்களையும் அந்த வரிசையிலேயே அடுக்கிக்கொண்டு போங்கள்.